குண்டு புதைந்த மரக்கட்டை எவ்வளவு உயரம் எழும்?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு வடிவத்தில் தலைகாட்டும் கணக்கு இது. 1.99 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று கயிறுகளில் தொங்குகிறது. 10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக வந்து அதில் புதைகிறது. குண்டைச் சுமந்தபடி கட்டை ஊசல் போல மேலே எழுகிறது. எவ்வளவு உயரம் எழும்?

பல மாணவர்களின் கை தயங்காமல் எழுதும் விடை இப்படிப் போகும். குண்டின் இயக்க ஆற்றல் 450 ஜூல். ஆற்றல் அழியாது. ஆகவே அந்த 450 ஜூலும் கட்டையை மேலே தூக்கப் பயன்படும். இரண்டு கிலோவை 450 ஜூல் கொண்டு தூக்கினால் அது ஏறக்குறைய 23 மீட்டர் உயரம் போகும். கணக்கு நான்கு வரியில் முடிந்துவிடுகிறது, அலகுகளும் சரியாகப் பொருந்துகின்றன, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

23 மீட்டர் என்பது ஏழு மாடி உயரம். பத்து கிராம் ஈயம் இரண்டு கிலோ மரத்தை ஏழாவது மாடி வரை தூக்கிவிடும் என்று அந்த விடை சொல்கிறது. உண்மையில் கட்டை எழுவது சுமார் 11.5 சென்டிமீட்டர்தான், ஒரு சாண் கூட இல்லை. விடை இருநூறு மடங்கு பிசகியிருக்கிறது. இந்த இருநூறு தற்செயலாக வந்த எண் அல்ல. குண்டும் கட்டையும் சேர்ந்த மொத்த நிறை, குண்டின் நிறையைப் போல இருநூறு மடங்கு. பிசகு அந்த விகிதத்திலிருந்துதான் பிறக்கிறது, எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில் சரியான வழி. மோதல் நடக்கும் அந்தச் சிறு பொழுதில் மாறாமல் இருப்பது உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் அளவு. குண்டின் உந்தம் 0.01 × 300 = 3. மோதிய பிறகு அந்த 3 முழுவதும் இரண்டு கிலோவுக்கு உரியது. எனவே இரண்டும் சேர்ந்து நகரும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். அந்த வேகத்தில் அவற்றின் இயக்க ஆற்றல் வெறும் 2.25 ஜூல். இங்கிருந்து மேலே எழும் பயணத்தில்தான் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. 2.25 ஜூல் இரண்டு கிலோவைத் தூக்குவது 11.5 சென்டிமீட்டர்.

ஆக ஒரே கணக்குக்குள் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. குண்டு புதைவது ஒன்று, கட்டை ஊசலாடி எழுவது மற்றொன்று. முதலாவதில் உந்தம் மாறாது, இயக்க ஆற்றல் மாறும். இரண்டாவதில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்த தொகை மாறாது, ஆனால் ஈர்ப்பு விசையும் கயிற்றின் இழுவிசையும் குறுக்கிடுவதால் உந்தம் மாறும். தவறு செய்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக ஒட்டி, தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஒரே தாவாகத் தாவுகிறார். அவர் நம்பும் ஆற்றல் மாறா விதி முற்றிலும் உண்மை. ஆனால் அந்த விதி மொத்த ஆற்றலைப் பற்றியது. இயக்க ஆற்றல் இயக்க ஆற்றலாகவே இருக்கும் என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை.

அப்படியானால் 447.75 ஜூல் எங்கே போயிற்று? “வெப்பமாகப் போய்விட்டது” என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் போதாது. மாணவர் மனதில் உண்மையாகவே எழும் கேள்வி வேறு: குண்டு கட்டையைத் தள்ளுகிறது, கட்டை குண்டை அதே விசையால் எதிர்த்துத் தள்ளுகிறது, இரண்டு விசைகளும் சமம் என்று நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறது. அப்படியிருக்க ஒருவர் இழந்ததை மற்றவர் அப்படியே பெறவேண்டாமா?

இதற்கு விடை காண மரத்துக்குள்ளேதான் போய்ப் பார்க்கவேண்டும். குண்டு கட்டைக்குள் 10 சென்டிமீட்டர் துளைத்து நின்றது என்று வைத்துக்கொள்வோம். மரம் கொடுக்கும் எதிர்ப்பு சீரானது என்றும் கொள்வோம். குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டரிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற அளவுக்கு இறங்குகிறது, ஆகவே சராசரி நொடிக்கு 150 மீட்டர். பத்து சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் சுமார் 1,500-இல் ஒரு பங்கு. அதே பொழுதில் கட்டை ஓய்விலிருந்து 1.5 மீட்டர் வேகத்துக்கு வருகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு 0.75 மீட்டர் மட்டுமே. எனவே குண்டு 10 சென்டிமீட்டர் பாய்வதற்குள் கட்டை நகர்ந்த தொலைவு அரை மில்லிமீட்டர்.

அந்த இரண்டு தொலைவுகளில்தான் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. விசை இரண்டு பக்கமும் ஒன்றே, சுமார் 4,480 நியூட்டன். அது செயல்படும் நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றே. விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்த மாற்றம். எனவே குண்டு இழந்த உந்தத்தைக் கட்டை அப்படியே பெற்றாகவேண்டும், அதில் ஒரு துளியும் சிந்த வழியில்லை. ஆற்றலோ விசையைத் தொலைவால் பெருக்கி வருவது. தொலைவு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. குண்டு அந்த விசைக்கு எதிராகப் பத்து சென்டிமீட்டரும் அரை மில்லிமீட்டரும் போனது. கட்டை அதே விசையால் அரை மில்லிமீட்டர்தான் தள்ளப்பட்டது. 4,480 நியூட்டனை அரை மில்லிமீட்டரால் பெருக்கிப் பாருங்கள், அதே 2.25 ஜூல் வருகிறது. மீதி முழுவதும் அந்தப் பத்து சென்டிமீட்டர் துளையில் செலவானது. மரத்தின் நார்கள் கிழிந்தன, ஈயம் நசுங்கியது, இரண்டும் சூடாயின. ஒரு சிறு பங்கு ஓசையாகவும் போனது.

அந்தச் சூடு கையால் தொட்டு உணரும் அளவுக்குப் பெரிது. ஒரு பேச்சுக்கு அது முழுவதும் குண்டுக்குள்ளேயே தங்கியது என்று கொண்டால், பத்து கிராம் ஈயம் சுமார் 300 செல்சியஸ் பாகை சூடேறி உருகத் தொடங்கிவிடும். மாறாக மரம் முழுவதும் சமமாகப் பரவினால், வெப்பமானி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒரு பாகையில் சிறு பங்குதான் வரும். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. துளையின் சுவர் கருகுவதும் கட்டையின் மறுபக்கம் சில்லென்று இருப்பதும் ஒரே மோதலில் நடக்கக்கூடியவை.

அரை மில்லிமீட்டர் இன்னொன்றையும் நமக்குச் சொல்கிறது. மோதலை ஒரு நிகழ்ச்சியாகவும் ஊசலாட்டத்தைத் தனி நிகழ்ச்சியாகவும் பிரித்தோமே, அப்படிப் பிரிப்பது நியாயம்தானா? குண்டு முழுதும் புதைந்து நிற்கும் வரை கட்டை அரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. அதற்குள் கயிறுகள் சாயவே இல்லை, கிட்டத்தட்ட செங்குத்தாகவே நிற்கின்றன. கிடைமட்டத் திசையில் வெளியிலிருந்து யாரும் இழுக்கவில்லை. எனவே அந்தப் பொழுதில் உந்தம் மாறாது என்று துணிந்து எழுதலாம். குண்டுக்குப் பதிலாக மெதுவாக அமுங்கும் ஒரு பெரிய களிமண் உருண்டை வந்து, அது அமுங்கி முடிவதற்குள் கட்டை நன்றாகச் சாய்ந்துவிட்டால் இந்தப் பிரிப்பு செல்லாது. பாடநூல்கள் குண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் வேகமும் ஒரு காரணம்.

இயக்க ஆற்றல் மாறாது என்ற அனுமானம் தவறு என்பதை மரம், ஈயம், வெப்பம் எதையும் தொடாமலே காட்ட முடியும். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான். ஒரே நிறையுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஒன்று ஓய்வில் நிற்கிறது, மற்றொன்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து அதனோடு ஒட்டிக்கொள்கிறது. இயக்க ஆற்றல் மாறாது என்று கணக்குப் போட்டால் ஒட்டிய வண்டிகளின் வேகம் நொடிக்கு 1.41 மீட்டர் என்று வரும்.

இப்போது அதே மோதலை, முதல் வண்டியோடு இணையாக நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் பார்க்கட்டும். அவர் கண்ணுக்கு முதல் வண்டி நிற்கிறது. நின்றிருந்த வண்டிதான் அவரை நோக்கி 2 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. அவரும் அதே அனுமானத்தோடு கணக்குப் போட்டால், ஒட்டிய வண்டிகள் தனக்குப் பின்பக்கமாக 1.41 மீட்டர் வேகத்தில் போகின்றன என்பார். தரையில் நிற்பவரின் கணக்குக்கு அதை மாற்றினால் 2-இலிருந்து 1.41 போக 0.59 மீட்டர். ஒரே வண்டிகள், ஒரே மோதல். தரையில் நிற்பவர் 1.41 என்கிறார், கூடவே போனவர் 0.59 என்கிறார். வண்டிகள் ஒரு வேகத்தில்தான் போகமுடியும். உந்தத்தைக் கொண்டு கணக்கிட்டால் இருவருக்குமே நொடிக்கு 1 மீட்டர் என்ற ஒரே விடை கிடைக்கிறது.

மூன்றாவதாக ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகட்டும். அவர் பார்வையில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே ஒரே வேகத்தில் வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன. இயக்க ஆற்றல் மாறாமல் இருக்கவேண்டுமானால் ஒட்டிய ஜோடி ஏதாவது ஒரு பக்கம் ஓடவேண்டும். எந்தப் பக்கம்? இரண்டு வண்டிகளும் எல்லா வகையிலும் சமம் என்பதால் இந்தப் பக்கம் ஓடுவதற்கும் அந்தப் பக்கம் ஓடுவதற்கும் காரணமே இல்லை. அவை நின்றுதான் ஆகவேண்டும்.

இந்த மூன்றாமவர் நிற்கும் இடம்தான் எல்லாவற்றையும் தெளிவாக்குகிறது. அவர் இரு வண்டிகளின் நிறை மையத்தோடு சேர்ந்து போகிறவர். அவருக்கு மோதலுக்கு முன் மொத்த இயக்க ஆற்றல் ஒரு ஜூல், பின்னர் சுழி. தரையில் நிற்பவருக்கு முன்னர் இரண்டு ஜூல், பின்னர் ஒரு ஜூல். ஆளுக்கு ஆள் அளவுகள் வேறாக இருந்தாலும் இழப்பு எல்லோருக்கும் அதே ஒரு ஜூல்தான். வண்டிகள் ஒன்றையொன்று நெருங்கிய இயக்கத்தில் இருந்த ஆற்றல் அது. ஒட்டிக்கொண்ட பிறகு நெருங்குதலும் விலகுதலும் கிடையாது, எனவே அந்த ஆற்றல் இயக்க வடிவில் இருக்க இடமே இல்லை. நிறை மையம் முன்னே போய்க்கொண்டிருப்பதற்கு உரிய ஆற்றல் மட்டும் தங்குகிறது. அதை எந்த மோதலாலும் பறிக்க முடியாது, ஏனென்றால் பறித்தால் உந்தம் மாறிவிடும். முழு மீட்சியற்ற மோதல் என்றதும் ஆற்றல் எல்லாம் போய்விடும் என்று சிலர் மறுமுனைக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் சரியல்ல. போகக்கூடியது முழுவதும் போகிறது, அவ்வளவுதான்.

வெப்பம் என்பதுகூட இதில் கட்டாயமில்லை. வண்டிகளுக்கு நடுவே ஒரு சுருள்வில்லை வைத்துப் பாருங்கள். வில் அமுங்க அமுங்க முன்வண்டி வேகம் பெறுகிறது, பின்வண்டி வேகம் இழக்கிறது. ஒரு கணத்தில் இரண்டும் ஒரே வேகத்துக்கு, நொடிக்கு 1 மீட்டருக்கு, வருகின்றன. அந்தக் கணத்தில் வண்டிகளின் இயக்க ஆற்றல் ஒரு ஜூல்தான். இன்னொரு ஜூல் அமுங்கிய வில்லில் இருக்கிறது. வில்லை அப்படியே விட்டால் அது விரிந்து அந்த ஜூலைத் திருப்பிக் கொடுக்கும். மோதல் முழு மீட்சி மோதலாக முடியும், பின்வண்டி நின்றுவிடும், முன்வண்டி 2 மீட்டர் வேகத்தில் ஓடும். அதே கணத்தில் ஒரு கொக்கி விழுந்து வண்டிகளைப் பூட்டிவிட்டால் அவை ஒட்டிய ஜோடியாகவே போகும், அந்த ஜூல் வில்லிலேயே சிறைப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு நேர் மோதலும், மிகச் சிறந்த எஃகுக் கோளங்களின் மோதல்கூட, பொது வேகம் என்ற இந்தக் கணத்தைத் தாண்டித்தான் போகிறது. பிறகு ஆற்றல் திரும்பி வருகிறதா இல்லையா என்பதில்தான் மோதல்கள் வேறுபடுகின்றன. களிமண்ணும் மரமும் திருப்பித் தருவதில்லை.

இந்த வேறுபாடு ஒரு காலத்தில் பீரங்கிக் கலையையே புரட்டிப்போட்டது. மரக்கட்டைக் கணக்கு பாடநூல் ஆசிரியர்களின் கற்பனை அல்ல, உண்மையாகவே செய்யப்பட்ட ஒரு சோதனை. அதைச் செய்தவர் பெஞ்சமின் ராபின்ஸ், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணிதர். 1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய சிறு நூலில் இந்த ஊசல் விவரிக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது, 1750-இல் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, 1751 ஜூலையில், கடலூரில் கடற்கரையை ஒட்டியிருந்த புனித டேவிட் கோட்டையில் அவர் இறந்தார். கடலூர்க்காரர்கள் பலருக்கும் இந்தச் செய்தி தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்பது என் ஆசை.

துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டின் வேகத்தை அன்று அளக்க வழியில்லை. கண்ணால் தொடர முடியாது, நொடியின் சிறு பின்னங்களை அளக்கும் கடிகாரமும் கிடையாது. ராபின்ஸ் வேகத்தை நேரடியாக அளக்காமல், கையால் அளக்கக்கூடிய மெதுவான வேகமாக அதை மாற்றினார். முக்காலியில் ஓர் அச்சு, அச்சிலிருந்து தொங்கும் இரும்புத் தட்டு, அதன் முகத்தில் பொருத்திய தடித்த மரம். அடியில் ஒரு நாடா. ஊசல் எவ்வளவு தூரம் ஆடியதோ அவ்வளவு நாடா இழுபட்டு வெளியே வந்து நிற்கும். அந்த நாடாவை அளந்தால் மோதிய உடனே ஊசலுக்கு இருந்த வேகம் கிடைத்துவிடும்.

அவர் நூலில் உள்ள ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஊசலின் எடை 56 பவுண்டுக்குச் சற்று மேல். குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசல் அச்சைச் சுற்றி ஆடுவதால் அதன் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அதைச் சரிக்கட்டிப் பார்த்தால், குண்டு தாக்கிய இடத்தில் சுமார் 42 பவுண்டு நிறை இருப்பதற்கு அது சமம் என்று அவர் கணக்கிட்டார். குண்டையும் சேர்த்தால் மொத்தம் குண்டைப் போல 505 மடங்கு. நாடா காட்டிய ஊசலின் வேகம் நொடிக்கு மூன்றேகால் அடி. உந்தம் மாறாது என்பதால் குண்டின் வேகம் அதைப் போல 505 மடங்கு: நொடிக்கு 1,641 அடி. நம் அளவில் சுமார் 500 மீட்டர்.

இதே அளவுகளை வைத்து, இயக்க ஆற்றல் மாறாது என்று கொண்டால் என்ன வரும்? 505-ஆல் பெருக்குவதற்குப் பதிலாக அதன் வர்க்கமூலமான இருபத்திரண்டரையால் பெருக்குவோம். குண்டின் வேகம் நொடிக்கு 73 அடி, அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளர் வீசும் வேகம் அது. அந்த வேகத்தில் வரும் ஈய உருண்டை மரத்தில் புதையாது, தட்டிவிட்டுக் கீழே விழும். ஆனால் ராபின்ஸின் குண்டுகள் மரத்துக்குள் ஆழப் புகுந்து நின்றன.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. காற்றே இல்லையென்றால் 73 அடி வேகத்தில் 45 பாகைச் சாய்வில் சுட்ட குண்டு 50 மீட்டர் தொலைவில் தரையில் விழவேண்டும். காற்று இருந்தால் தொலைவு குறையுமே தவிரக் கூடாது. படைவீரர்கள் சுட்ட குண்டுகளோ நூற்றுக்கணக்கான மீட்டர் போய்க்கொண்டிருந்தன. 50 மீட்டர் என்ற எல்லையை ஒவ்வொரு துப்பாக்கியும் அன்றாடம் பொய்யாக்கியிருக்கும்.

சரியான வேகம் வேறொரு வியப்பைத் தந்தது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு, காற்று இல்லாவிட்டால் 17 மைல் போகவேண்டும் என்று ராபின்ஸ் சுட்டிக்காட்டினார். உண்மையில் அது போவது அரை மைலுக்கும் குறைவு. கனத்த ஈயக் குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்று அதுவரை எழுதிவந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி. முக்கால் அங்குல விட்டமுள்ள அந்தக் குண்டை அந்த வேகத்தில் காற்று தடுக்கும் விசை, குண்டின் எடையைப் போல சுமார் 120 மடங்கு. குண்டின் பாதை கலிலியோ சொன்ன பரவளையம் அல்ல என்பது உறுதியானது. ஆய்லர் 1745-இல் இந்த நூலை ஜெர்மனில் பெயர்த்து விரிவான உரையும் எழுதினார்.

இதில் நான் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. ராபின்ஸின் மோதலில் குண்டின் இயக்க ஆற்றலில் 505-இல் ஒரு பங்குதான் ஊசலுக்குப் போனது. மீதி 504 பங்கும் மரத்துக்குள் மறைந்தது. அது எங்கே போயிற்று என்று 1742-இல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள கணக்கை ஜூல் அளந்து காட்டியது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1840-களில். ஆனாலும் ராபின்ஸின் விடை சரியாகவே வந்தது. மரத்தின் உள்ளே நடந்த எதையும் அறியாமலே உந்தக் கணக்கைப் போடலாம். ஆற்றல் கணக்கைப் போடவேண்டுமானால் கிழிந்த ஒவ்வொரு நாரும், சூடேறிய ஒவ்வொரு துணுக்கும் தெரியவேண்டும். எந்த விதி உண்மை என்று கேட்டால் இரண்டுமே உண்மை. எந்த விதியை நமக்குத் தெரிந்ததை வைத்தே பயன்படுத்த முடியும் என்பதுதான் கணக்கின் முதல் வரியில் எடுக்கவேண்டிய முடிவு.

சரி, மாணவர் தன் விடைத்தாளில் இந்தப் பிசகைத் தானே எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி, இரண்டு மாறா விதிகளையும் எழுதிப் பார்ப்பது.

mv = (m + M)V

½mv² = ½(m + M)V²

ஒட்டிக்கொண்ட பிறகு இருப்பது ஒரே ஒரு தெரியாத வேகம், V. ஆனால் சமன்பாடுகள் இரண்டு. முதலாவதிலிருந்து V-ஐ எடுத்து இரண்டாவதில் போட்டால், கட்டையின் நிறை M சுழியாகவேண்டும், அல்லது குண்டு நகராமலே இருந்திருக்கவேண்டும் என்று வருகிறது. இரண்டும் கேள்வியில் இல்லை. எனவே ஒரு சமன்பாட்டை விட்டாகவேண்டும். வெளிவிசை இல்லாதவரை உந்தச் சமன்பாடு நிற்கும், ஆகவே விடவேண்டியது மற்றது. பொருள்கள் விலகிப் போகும் மோதலில் மட்டும் தெரியாத வேகங்கள் இரண்டு, அங்கேதான் இரண்டு சமன்பாடுகளுக்கும் இடம் உண்டு.

இயக்க ஆற்றல் சமன்பாட்டை முழுவதும் விலக்கிவைக்க வேண்டும் என்பதில்லை. மரத்தின் எதிர்ப்பு விசையும் குண்டு துளைத்த ஆழமும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருந்தால், அவற்றின் பெருக்கலை இழப்பாகச் சேர்த்து ஆற்றலை எழுதலாம். அப்போதும் விடை உந்தக் கணக்கோடு பொருந்தும், பொருந்தவேண்டும்.

“புதைந்தது”, “ஒட்டிக்கொண்டது”, “சேர்ந்து நகர்ந்தது” என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் எச்சரிக்கையாகிவிடலாம். மோதல் என்ற சொல்லே வராத கணக்குகளில்தான் தேர்ந்தவர்களும் இடறுகிறார்கள். சுருள்வில்லின் மேல் உள்ள தட்டில் மாவு உருண்டை விழுந்து ஒட்டிக்கொண்டால், தட்டுக்கு நிறை உண்டென்றால், வில் அமுங்கும் முன்பே ஒரு முழு மீட்சியற்ற மோதல் நடந்துமுடிந்துவிடுகிறது. விழுந்த உயரத்தின் ஆற்றல் முழுவதையும் வில்லுக்குக் கொடுத்துவிட்டால் அதே பழைய பிசகுதான்.

இவற்றில் மிகவும் மறைந்திருப்பது நகரும் பட்டையில் மணல் விழும் கணக்கு. குவாரிகளிலும் துறைமுகங்களிலும் ஓடும் கன்வேயர் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் வேகம் நொடிக்கு 2 மீட்டர். மேலிருந்து நொடிக்கு 50 கிலோ மணல் செங்குத்தாக விழுகிறது. உராய்வு எதுவும் இல்லாத நல்ல உருளைகள், மணலை மேட்டில் ஏற்றவும் வேண்டாம். பட்டை வேகம் குறையாமல் ஓட மோட்டார் எவ்வளவு திறன் தரவேண்டும்? நொடிக்கு 50 கிலோ மணல் 2 மீட்டர் வேகம் பெறுகிறது, அதன் இயக்க ஆற்றல் 100 ஜூல், எனவே 100 வாட் என்று எழுதத் தோன்றும். உந்தத்தை வைத்துப் பாருங்கள். நொடிக்கு 100 அலகு உந்தம் தரவேண்டும், ஆகவே விசை 100 நியூட்டன். அந்த விசையோடு பட்டை நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது. திறன் 200 வாட். 100 வாட் மோட்டாரைப் பொருத்தினால் மணல் விழத் தொடங்கியதும் பட்டையின் வேகம் இறங்கும்.

மீதி 100 வாட், விழுந்த மணல் பட்டையின் வேகத்தைப் பிடிக்கும் வரை அதன்மேல் வழுக்கும்போது சூடாகிறது. பட்டையைச் சொரசொரப்பாக்கினால் மணல் சீக்கிரம் வேகம் பிடிக்கும், வழுக்கும் தொலைவு குறையும், ஆனால் உராய்வு விசை அதே அளவு கூடும். வழவழப்பாக்கினால் விசை குறையும், வழுக்கும் தொலைவு அதே அளவு நீளும். இரண்டு வகையிலும் பெருக்கல் மாறாது, சூடாவது அதே 100 வாட்.